பெட்டிக்காரம்மா தவணையைக் குறைத்த மாதம்

பெட்டிக்காரம்மாவின் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது, பேச்சும் கூடவே போய்விட்டது. போன பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ மிஞ்சியிருந்தது. "சரி." தண்ணீர் வேண்டுமா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. கஞ்சியை வாயில் வைத்தால் சரி, எடுத்தாலும் சரி.

"எது ரொம்ப ஆழமா பதிஞ்சிருக்கோ அதுதான் தங்குமாம் அண்ணி. டாக்டர் சொன்னார்" என்றாள் அவருடைய தங்கை. "எங்க அண்ணனுக்கு என் பேரு பதியல, உங்க பேரு பதியல. கடைக்காரங்களுக்குச் சொன்ன சரிதான் பதிஞ்சிருக்கு பாருங்க."

பெட்டிக்காரம்மா சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட வாய் மாதிரி இருந்தது அவளுக்கு. வாய் இருக்கிறது, அசைகிறது, கிள்ளினால் மட்டும் தெரிவதில்லை. ஐந்து மாதமாக அப்படித்தான். ஆஸ்பத்திரியில் அழவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றும் அழவில்லை. பார்க்க வந்தவர்கள் அழுதார்கள், அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

அவர்களுடையது அட்டைப்பெட்டி செய்கிற தொழில். வீட்டின் கீழ்த்தளம்தான் பட்டறை. நடுவில் பெட்டி வெட்டும் இயந்திரம், ஓரமாக நீள மேசை, மேசையைச் சுற்றிப் பசை ஒட்டும் மூன்று பெண்கள். அவள் கல்யாணமாகி வந்த மறுவாரமே அந்த மேசையில் உட்கார்ந்தவள். கண்ணை மூடிக்கொண்டு பெட்டி மடிப்பாள். அட்டையை விரலால் தடவியே எந்தக் கட்டிலிருந்து எடுத்தது என்று சொல்லிவிடுவாள். வெளியே அவர் வாய், உள்ளே இவள் கை என்று இருபது வருடம் ஓடிற்று. யாருக்கு எவ்வளவு நாள் கடன், யார் இழுத்தடிப்பார், யாரை எந்த நகைச்சுவையால் வழிக்குக் கொண்டுவரலாம் என்பதெல்லாம் அவர் வாயோடு இருந்தது. வாயோடு போயிற்று.

அட்டை கொடுக்கும் மொத்த வியாபாரி ஒரு காலையில் தொலைபேசியில் அழைத்தார்.

"தங்கச்சி, தப்பா நினைக்காதீங்க. மில்லுக்காரன் இப்ப என்கிட்டயே முன்பணம் கேக்கறான். உங்களுக்கு அறுபது நாள் தவணை விட்டுட்டு இருந்தேன். அடுத்த மாசம் எடுக்கற சரக்குலேருந்து முப்பதுதான் முடியும்."

"அண்ணே, அவரு படுத்திருக்கற நேரத்துல..."

"தெரியும்மா. அதனாலதான் இன்னிக்கே சொல்றேன். சரக்கை இறக்கிட்டுச் சொல்லல பாருங்க."

அது உண்மைதான். போனை வைத்துவிட்டு மேசையில் உட்கார்ந்து நாலைந்து பெட்டி மடித்தாள். மடிக்கும்போது கணக்கு தானாக ஓடிற்று. பெட்டி வாங்குகிறவர்களுக்கு இவர்கள் விட்டிருப்பது அறுபது நாள். பேருக்குத்தான் அறுபது. எண்பது ஆகும், தொண்ணூறும் ஆகும், அவர் சரி என்றிருப்பார். இனி அட்டைக்காரருக்கு முப்பதாம் நாள் பணம் போயாக வேண்டும். நடுவில் விழுகிற பள்ளத்தைக் கைப்பணம் போட்டு மூட வேண்டும். கைப்பணத்தை ஆஸ்பத்திரி எடுத்துக்கொண்டது. இரண்டு சுற்று தாக்குப் பிடிக்கலாம். மூன்றாம் சுற்றுக்கு அட்டை வராது. அட்டை வராவிட்டால் இயந்திரத்தை விற்க வேண்டியதுதான், மேசையைச் சுற்றி இருக்கிற மூன்று பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவளுக்குப் பயம் வரவில்லை. வர வேண்டும் என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். ஒரு பெரிய கம்பெனியில் பாக்கி வசூல் பிரிவில் இருக்கிறவள். அண்ணனுக்கு முகம் துடைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்க ஒரு கடிதம் எழுதினாள். எழுதியதைப் படித்துக் காட்டினாள்.

"'எங்கள் நிறுவனத்தின் திருத்தியமைக்கப்பட்ட கடன் கொள்கையின்படி...'"

"எந்த நிறுவனம்?"

"உங்களுதுதான் அண்ணி."

"கீழ இருக்கே, மழை பெஞ்சா ஒழுகுமே, அதுவா?"

"கடிதம்னா அப்படித்தான் எழுதணும். கேளுங்க. 'தவறும் பட்சத்தில் சரக்கு அனுப்புவது முன்னறிவிப்பின்றி...'"

"போதும்மா. இதப் படிச்சா நானே பயந்து கதவச் சாத்திடுவேன்."

நாத்தனார் அதை அழித்துவிட்டு நாலு வரியில் எழுதினாள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து போடும் பில்களுக்கு முப்பது நாள் தவணை. அதற்கு முன் போட்ட பில்களுக்குப் பழையபடி அறுபது நாள். நாங்கள் அட்டை வாங்கும் இடத்தில் எங்களுக்கும் தவணை குறைந்துவிட்டது. பெட்டி விலையில் மாற்றமில்லை. கீழே கையெழுத்து.

"இத வேன்ல பெட்டியோட போட்டு அனுப்பிடாதீங்க. நேர்ல போய் வாயால சொல்லிட்டு, அப்புறம் கைல குடுங்க. முதல்ல பேக்கரி. உங்க பெட்டில பாதி அங்கதான் போகுது. பெரிய ஆளு அடுத்தவங்க வாயால கேக்கக் கூடாது. அப்புறம், எல்லாருக்கும் ஒரே பேச்சு. ஒருத்தருக்கு மட்டும் அறுபது விட்டீங்க, சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சிடும்."

"ஏன்னு கேட்டா?"

"உள்ளதச் சொல்லுங்க. அட்டைக்காரர் குறைச்சிட்டாரு. அதோட நிறுத்துங்க. அண்ணன இழுக்காதீங்க."

"இழுத்தா என்ன? பாவம்னு குடுப்பாங்கல்ல?"

"உடம்பு சரியில்லாத கடைக்கு யாரும் ஆர்டர் குடுக்க மாட்டாங்க அண்ணி. பழம் வாங்கிட்டு வருவாங்க."

உள்ளறையிலிருந்து "சரி" என்று ஒரு குரல் வந்தது. "பாருங்க, முதலாளியே ஒத்துக்கிட்டார்" என்றாள் நாத்தனார்.

மறுநாள் பெட்டிக்காரம்மா கைப்பையில் கடிதங்களை வைத்துக்கொண்டு பேக்கரிக்குத்தான் கிளம்பினாள். தெருமுனையில் நேராகப் போக வேண்டியவள் இடப்பக்கம் திரும்பினாள். கால் அப்படிப் போயிற்று. சின்ன இடங்களில் இரண்டு தடவை சொல்லிப் பழகிக்கொண்டால் பெரிய இடத்தில் நாக்கு தடுமாறாது என்று பிறகு தனக்குத் தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள்.

முதலில் மெழுகுவத்தி செய்கிற அக்கா. பின்சந்தில் ஒரு வீடு, வாசல்வரை மெழுகு வாசனை. பெட்டி இறங்கிய அன்றே பணம் கொடுத்துவிடுகிற ஆள். கடனென்றால் தூக்கம் வராது என்பாள். கடிதத்தைக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"இனிமே எனக்கு முப்பது நாள் தவணையா?"

"ஆமாக்கா. எல்லாருக்கும்."

"நான் என்னைக்கு மூணு நாள் வெச்சிருக்கேன்? எனக்கு எதுக்கும்மா இந்தச் சீட்டு? இல்ல, இதுவரைக்கும் நான்தான் ஏமாளியா? மத்தவங்கள்லாம் அறுபது நாள் வெச்சிருந்தாங்களா?"

பெட்டிக்காரம்மா நின்றாள். கொடுக்கக் கூடாத ஆளுக்குக் கொடுத்துவிட்டோம் என்று மெல்ல உறைத்தது.

"சொல்லு. பணத்தக் கையோட குடுக்கறவளுக்கு என்ன தர்ற?"

"ஒரு வாரத்துக்குள்ள குடுத்தா நூத்துக்கு ரெண்டு குறைச்சுக்கறேங்க்கா" என்றாள். நாத்தனாரிடம் கேட்காத சலுகை, வாயில் தானாக வந்தது. "உங்களுக்கு மட்டும் இல்ல. யாரு குடுத்தாலும்."

"அப்படிப் பேசு" என்று அக்கா கடிதத்தை மடித்து மெழுகு அச்சுக்கு அடியில் சொருகினாள். "உன் புருஷன் இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு பைசா குறைச்சதில்ல. சிரிச்சுச் சிரிச்சே அனுப்பிடுவார்."

அடுத்தது செருப்புக்கடை. செருப்புக்கடைக்காரர் நல்லவர், ஆனால் வளவளவென்று பேசுகிறவர். சுவர் முழுக்க இவர்கள் செய்த பெட்டிகள்தான் அடுக்கியிருக்கும். அவள் உள்ளே போனதுமே எழுந்து வந்தார்.

"வாம்மா வாம்மா. அவரு எப்படி இருக்கார்? பேசறாரா? எந்திரிக்கறாரா?"

"இருக்காருண்ணே."

"சாப்பிடறாரா? மருந்தெல்லாம் யானை விலை விக்குமே. வீட்டுக்கு வந்து கையக் கால அசைக்க வைக்கறவங்க வேற தடவைக்கு இவ்வளவுன்னு கேப்பானுங்க. எங்க சித்தப்பாவுக்கு நாங்க பட்டது போதும்."

அவள் கடிதத்தை நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை, கையை நீட்டி எட்டத்தில் பிடித்துப் படித்தார். முப்பது என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முகம் இளகியிருந்தது.

"ஆஸ்பத்திரிச் செலவு கழுத்த நெரிக்குதா? அதான் சுருக்கிட்டியா?"

அட்டை என்று சொல்ல வேண்டும். மில்லுக்காரர், மொத்த வியாபாரி, இரண்டு மாதம், ஒரு மாதம் என்று அத்தனையையும் அடுக்க வேண்டும். அதற்கு வேண்டிய மூச்சு அவளிடம் இல்லை. தலையை ஆட்டினாள். ஒரே ஒரு தடவைதான்.

"சொல்லக் கூடாதா? இதுக்கு எதுக்கும்மா கடுதாசி?" அவர் கல்லாவைத் திறந்தார். இன்னும் தவணை முடியாத பழைய பில்லுக்கான பணத்தை எண்ணி அவள் கையில் வைத்தார். "வெச்சுக்கோ. தைரியமா இரு. என் பொண்டாட்டி தினமும் அவருக்காக வேண்டிக்கறா."

எவ்வளவு சுலபமாக இருந்தது! பொம்மைக்கடையிலும் அவள் அதே மாதிரிதான் தலையாட்டினாள். சோப்புக் கடையில் தலையாட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. அவர்களே காரணத்தைச் சொல்லி, அவர்களே வருத்தப்பட்டு, அவர்களே ஒத்துக்கொண்டார்கள். பேக்கரி ஒன்றுதான் பாக்கி. நாளைக்குப் போகலாம், அதற்கடுத்த நாள் போகலாம் என்று வாரக் கடைசிவரை இழுத்தாள்.

வெள்ளிக்கிழமை பேக்கரிக்குப் பெட்டி கொண்டுபோன வேன்காரர் திரும்பி வந்து, வண்டியை அணைக்காமலே பட்டறை வாசலில் நின்றார்.

"அக்கா, பேக்கரி அண்ணன் அவங்க டையெல்லாம் குடுத்தனுப்பச் சொல்றார்."

மேசையைச் சுற்றியிருந்த மூன்று பெண்களின் கையும் நின்றது. டை என்பது ஒட்டுப்பலகையில் இரும்புத் தகட்டைப் பெட்டியின் வடிவத்துக்கு வளைத்துப் பதித்த அச்சு. இயந்திரத்தில் மாட்டி அழுத்தினால் அட்டை அந்த வடிவத்தில் வெட்டுப்பட்டு விழும். அச்சுக்குப் பணம் கொடுப்பது வாடிக்கைக்காரர், அது இருப்பது பெட்டிக்காரர் பட்டறையில். அது அங்கே தொங்குகிறவரை வேறெங்கும் பெட்டி செய்ய முடியாது. ஒருவர் தன் டையைத் திருப்பிக் கேட்டார் என்றால், நாசூக்காகக் கணக்கை முடித்துக்கொள்கிறார் என்று அர்த்தம். அதற்கு மேல் சண்டையும் கிடையாது, சமாதானமும் கிடையாது.

"வேற என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலக்கா. செருப்புக்கடைக்காரர் அவர்கிட்ட பேசினாராம். பாவம், பெட்டிப் பட்டறை தள்ளாடுது, ரொம்ப நாள் தாங்காதுன்னு." வேன்காரர் ஸ்டியரிங்கைத் தட்டினார். "நம்ம மூடறோமாக்கா? ஒளிக்காம சொல்லிடுங்க. நான் வேற சவாரிக்குச் சொல்லி வைக்கணும்."

"வண்டிய முதல்ல அணைங்க. டீசல் சும்மா எரியுது" என்றாள் அவள்.

மாடிக்குப் போய் நாத்தனாருக்குப் போன் செய்து, பேக்கரிக்காரர் டையைத் திருப்பிக் கேட்டதைச் சொன்னாள்.

"முதல்ல யாருகிட்ட போனீங்க?" என்றது போன்.

"மெழுகுவத்தி அக்கா."

"பேக்கரிக்கு?"

"இன்னும் போகல."

"அண்ணனப் பத்திச் சொன்னீங்களா?"

"சொல்லல. தலையாட்டினேன்."

"கடவுளே. எங்க அண்ணன்கிட்டேருந்து ஒட்டிக்கிச்சா உங்களுக்கு?" நாத்தனாரின் குரல் இறங்கி வந்தது. "அண்ணி, பேக்கரிக்காரருக்குத் தவணை ஒரு விஷயமே இல்ல. சீசன்ல கேக்கு இருந்து பெட்டி இல்லன்னா அவரு செத்தாரு. நீங்க விழுந்துடுவீங்களோன்னுதான் அவருக்குப் பயம். போய் மூஞ்சிக்கு நேரா பாத்துப் பேசுங்க. டையக் கேட்டா குடுத்துடுங்க, பிடிச்சு வைக்காதீங்க. அவரு காசுல செஞ்சது."

மறுநாள் காலை அவளே சுவரிலிருந்து பேக்கரியின் டைகளைக் கழற்றினாள். அரைக் கிலோ கேக், ஒரு கிலோ கேக், பெரிய சதுரம், ஜன்னல் வைத்தது. தகட்டில் கை படாமல் பழைய துணி சுற்றினாள். வேனில் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வேன்காரர் வழியெல்லாம் ஏதாவது பேச வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கியரை மாற்றினார்.

பேக்கரியின் பின்பக்கம் ஒரே அனல். தட்டுகள் ஏற்றிய வண்டிகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. பேக்கரிக்காரர் பருத்த மனிதர், கை மயிரில் மாவு ஒட்டியிருந்தது. மாவு மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசையில் அவருடைய மகள் கணினியில் பில் பார்த்துக்கொண்டிருந்தாள். டைகளை இறக்குவதைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அவளே கொண்டுவருவாள் என்று எதிர்பார்க்கவில்லை போல.

"வேன்லயே அனுப்பியிருக்கலாமேம்மா."

"உங்க பொருள். நானே குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"தப்பா எடுத்துக்காதே. நீங்க கஷ்டத்துல இருக்கீங்க, இந்த நேரத்துல நான் போகறேன்னு இல்ல. ஆனா எனக்கு..."

"அண்ணே, நான் கஷ்டத்துல இருக்கேன்னு உங்ககிட்ட நான் சொல்லல."

"ஊரே சொல்லுது."

"நான் தலையாட்டினேன், ஊரு சொல்லுது. என் தப்பு." அவள் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "முதல்ல உங்ககிட்ட வந்திருக்கணும். பயந்துகிட்டு சின்னக் கடையா பாத்துப் போனேன். ஏன்னு கேட்டவங்ககிட்ட விளக்க முடியாம ஆமான்னுட்டேன். ஆஸ்பத்திரிக்காக இல்லண்ணே. அட்டைக்காரர் எனக்கு அறுபத முப்பதாக்கிட்டார். மில்லு அவர நெருக்குது. எனக்கு முப்பதுன்னா நான் உங்களுக்கு அறுபது குடுக்க முடியாது. குடுத்தாத்தான் நான் விழுவேன்."

நீளமாகப் பேசிவிட்டாள். ஐந்து மாதத்தில் இவ்வளவு சொல் சேர்ந்தாற்போல் வந்ததில்லை. மகள் கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அப்பா, அட்டை சப்ளை டைட்டுதான். பேப்பர் கப்பு குடுக்கறவரும் போன வாரம் இதேதான் சொன்னார்."

பேக்கரிக்காரர் கடிதத்தைப் படித்தார். "விலை ஏறலையா?"

"இல்ல. ஒரு வாரத்துல குடுத்தா நூத்துக்கு ரெண்டு குறையும்."

"சரி, நேரா ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்கக் கூடாது. நீங்க மூடப்போறீங்களா, இல்லையா?"

"இல்ல."

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க. என் மாவு மிஷின்காரன் மூடறதுக்கு முதல் நாள்வரைக்கும் சொன்னான். நாளைக்குச் சீசன்ல உன் பட்டறை கதவு சாத்தியிருக்கு, என் டை உள்ள தொங்குதுன்னு வை. நான் கேக்க எதுல போட்டுக் குடுப்பேன், துண்டுலயா?"

அவள் துணி சுற்றிய டைகளைப் பார்த்தாள். பதில் அங்கேயே கிடந்தது.

"டை இங்கயே இருக்கட்டும்ணே" என்றாள்.

"அதான் கேட்டேன்."

"இல்ல, கேளுங்க. டை உங்க ஸ்டோர்ல இருக்கட்டும். நீங்க ஆர்டர் குடுத்தா வேன் வந்து டைய எடுத்துட்டுப் போகும். பெட்டி வரும்போது டையும் கூடவே வந்துடும். எனக்கு ஒரு நடை கூடுதல், பரவால்ல. நான் என்னைக்காவது கதவச் சாத்தினா, மறுநாளே நீங்க வேற ஆளுகிட்ட ஓட்டிக்கலாம்."

பேக்கரிக்காரர் மகளைப் பார்த்தார். மகள் தோளைக் குலுக்கினாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆன்ட்டி, ஒவ்வொரு பில்லுக்கும் முப்பது நாள் எண்ணிட்டு உக்கார எங்களால முடியாது. வாரத்துக்கு மூணு பில்லு போடறீங்க. நாங்க எல்லாருக்கும் அஞ்சாம் தேதிதான் குடுப்போம். ஒரு மாசத்து பில்லு மொத்தத்தையும் அடுத்த மாசம் அஞ்சாம் தேதி ஒரே தடவையா குடுத்துட்டா?"

அவள் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தாள். மாத முதலில் போட்ட பில்லுக்கு முப்பதைவிட நாலைந்து நாள் கூடும். கடைசியில் போட்டதற்கு ஐந்தாறு நாளிலேயே பணம் வந்துவிடும். மொத்தத்தில் பார்த்தால் முப்பதுக்குள்தான். அட்டைக்காரருக்கும் ஒரு தேதியைச் சொல்லிவிடலாம்.

"அஞ்சாம் தேதின்னா அஞ்சாம் தேதி?"

"ஞாயித்துக்கெழமை வந்தா நாலாம் தேதி" என்றாள் மகள்.

"அப்ப சரி. யாரு கேட்டாலும் இதே மாதிரி குடுப்பேன், உங்களுக்கு மட்டும்னு இல்ல. அடுத்த மாச பில்லுலேருந்து. பழையது பழையபடி."

பேக்கரிக்காரர் டைகளைத் தூக்கி மாவு மூட்டைகளுக்குப் பின்னால், ஈரம் படாத மூலையில் சாய்த்து வைத்தார். அதில் ஒன்றை மட்டும் மறுபடியும் வேனிலேயே ஏற்றினார். "ஒரு கிலோ பெட்டி தீரப்போகுது. இத இன்னைக்கே ஓட்டிடு." பிறகு வாசல்வரை வந்தார். "ஒண்ணு சொல்றேன்மா. உன்மேல பரிதாபப்பட்டு நான் பணம் குடுத்தா, ரெண்டு தடவை குடுப்பேன். மூணாவது தடவை வேற கடை பாப்பேன். எல்லாரும் அப்படித்தான். அந்தச் செருப்புக்கடைக்காரன்கிட்ட நீயே போய்ச் சொல்லிடு. இல்லன்னா நாளைக்கு அட்டைக்காரன் காதுக்கும் அவனே எட்ட வெச்சிடுவான்."

வேன்காரர் செருப்புக்கடை வாசலில் நிறுத்தினார். "நான் வரட்டுமாக்கா?" என்றார். "எதுக்கு, பழம் தூக்கவா?" என்று கேட்டுவிட்டு அவள் இறங்கினாள். வேன்காரருக்கு விளங்கவில்லை.

கடையில் ஒரு குடும்பம் பள்ளிக்கூடச் செருப்பு பார்த்துக்கொண்டிருந்தது. செருப்புக்கடைக்காரர் அவளைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "என்னம்மா, இன்னும் பணம் வேணுமா? கூச்சப்படாதே."

"இல்லண்ணே. ஒரு விஷயம் தப்பாச் சொல்லிட்டேன். அத மாத்த வந்தேன்."

அட்டை, மில்லு, மொத்த வியாபாரி, அறுபது, முப்பது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். இரண்டாம் தடவை சொல்வதால் நாக்கு தடுமாறவில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்காகத் தவணையைக் குறைக்கவில்லை, பட்டறை தள்ளாடவில்லை, தயவுசெய்து யாரிடமும் அப்படிச் சொல்ல வேண்டாம் என்று முடித்தாள். செருப்பு பார்த்த குடும்பம் வேடிக்கை பார்த்தது.

செருப்புக்கடைக்காரரின் முகம் சுருங்கியது. கையிலிருந்த செருப்பைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"அப்ப நான் அன்னிக்குக் குடுத்தது?"

"உங்க பழைய பில்லுல வரவு வெச்சாச்சுண்ணே."

"தவணை முடியறதுக்கு முன்னாடி குடுத்தேன்."

"ஆமா."

"பாவம்னு குடுத்தேன்."

"தெரியும்ணே."

"இப்ப பாவம் இல்லங்கற. வியாபாரம்ங்கற." அவர் கொஞ்ச நேரம் சுவரில் அடுக்கியிருந்த பெட்டிகளையே பார்த்தார். அவமானப்பட்டுவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த வாடிக்கை போயிற்று என்று நினைத்தாள். நினைத்த இடத்தில் ஏதோ சுருக்கென்றது. ஊசியின் மயக்கம் இறங்கும்போது முதலில் வலிதான் திரும்பும்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். கண்ணில் பரிதாபம் இல்லை.

"மெழுகுவத்திக்காரிக்குச் சீக்கிரம் குடுத்தா நூத்துக்கு ரெண்டு குறைக்கறியாமே. வியாபாரம்னா என் ரெண்டு எங்க?"

"அது புது பில்லுக்குண்ணே. ஒரு வாரத்துக்குள்ள குடுத்தாத்தான். உங்களது பழைய பில்லு, நாள் ஓடிப்போச்சு."

"பழசோ புதுசோ, முன்னாடி குடுத்தேனா இல்லையா? உங்க வீட்டுக்காரரா இருந்தா இந்நேரம் சரின்னிருப்பார்."

"அவரு இப்பவும் சரின்னுதான் சொல்வார். பில்லு போடறது நான்."

செருப்பு பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செருப்புக்கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "சிரிக்காதீங்கம்மா, உங்களுக்கும் குறைக்க மாட்டேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு மேசைமேல் கையூன்றி நின்றார். "ஒண்ணரை."

"கிடையாதுண்ணே."

"அப்ப முப்பது நாளும் கிடையாது. நாற்பத்தஞ்சு."

"எல்லாருக்கும் முப்பது. பேக்கரிக்கும் அதான். வேணும்னா அவங்கள மாதிரி மாசக் கணக்கா அஞ்சாம் தேதி குடுங்க."

"பேக்கரிக்காரனே ஒத்துக்கிட்டானா?"

"கேட்டுப் பாருங்க. நீங்கதான் அவர்கிட்ட நல்லாப் பேசறீங்களே."

அவர் இருமினார். "சரி, அது இருக்கட்டும். என் ஒண்ணரைக்கு வா."

அவளுக்குக் கோபம் வந்தது. சின்னக் கோபம்தான், நல்ல சூடாக இருந்தது. செருப்பு போட்டுப் பார்க்க வைத்திருந்த குட்டை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முன்னாடி குடுத்ததுக்கு நூத்துக்கு அரை. அதுக்கு மேல பேசாதீங்க" என்றாள்.